சுடுமண் புரவி: கட்டும் முறையும் மீண்டும் மீண்டும் படைக்கப்படுதலும்

ஆய்வுச்சுருக்கம்

தமிழகச் சிற்றூர்களின் அய்யனார் கோயில்களில் நேர்த்திக்கடனாக நிறுத்தப்படும் சுடுமண் புரவிகள் எவ்வாறு கட்டப்படுகின்றன என்பதையும், பழைய புரவிகள் வரிசையாக நின்றுகொண்டிருக்கும்போதே புதியவை ஏன் படைக்கப்படுகின்றன என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது. புதுக்கோட்டை, சிவகங்கை, மதுரைப் பகுதிகளில் வேளார் சமூகத்தார் நிகழ்த்தும் புரவியெடுப்பு முதன்மைக் களமாகக் கொள்ளப்படுகிறது. செய்யாற்றுப் படுகையில் கலசப்பாக்கம், ஆரணி வட்டாரங்களில் காணப்படும் சுதையுருவ மரபு ஒப்பீட்டிற்காக எடுத்துக்கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: அய்யனார், புரவியெடுப்பு, பிடிமண், வேளார், சுடுமண், சுதை, நேர்த்திக்கடன்

முன்னுரை

புதுக்கோட்டை மாவட்டம் நமணசமுத்திரத்தை அடுத்த இளங்குடிப்பட்டியில், அய்யனார் கோயிலுக்குச் செல்லும் வழியின் இருபுறமும் சுடுமண் புரவிகள் வரிசையாக நிற்கின்றன. கோயிலுக்கு அண்மையில் நிற்பவை சிலவற்றில் வண்ணம் இன்னும் மங்கவில்லை. அவற்றுக்குப் பின்னால் வண்ணம் கழுவப்பட்டுச் செம்மண் நிறம் வெளிப்பட்டவையும், காதும் வாலும் இழந்தவையும் நிற்கின்றன. மரங்களின் அடியில் கால்கள் மட்டும் நடப்பட்ட உருளைகள்போல் எஞ்சியிருக்கின்றன. உடைந்தவற்றை யாரும் ஒட்டவைக்கவில்லை, அப்புறப்படுத்தவும் இல்லை.

வடக்கே, திருவண்ணாமலை மாவட்டத்தில் செய்யாற்றங்கரையில் அமைந்த கலசப்பாக்கத்திலிருந்து ஆரணியை நோக்கிச் சென்றால் காட்சி வேறாகிறது. முனுகப்பட்டு, வாழைப்பந்தல் ஆகிய ஊர்களின் பச்சையம்மன் கோயில்களில் வாழ்முனி, செம்முனி முதலிய முனிகளின் பேருருவங்கள் செங்கல்லாலும் சுதையாலும் எழுப்பப்பட்டுள்ளன. காவல் தெய்வம், அதன் பரிவாரம், அதன் ஊர்தி என்னும் கருத்து இரு நிலப்பகுதிகளுக்கும் பொதுவானது. ஆனால் ஒரு பகுதியில் உருவம் சிதைய விடப்பட்டுப் புதியது அருகில் நிறுத்தப்படுகிறது; மற்றொரு பகுதியில் அதே உருவம் மீண்டும் பூசப்பட்டு வண்ணம் தீட்டப்படுகிறது.

சுடுமண் புரவிகளைப் பற்றி எழுதுவோர் பலர் அவற்றின் சிதைவைப் பராமரிப்பின்மையாகக் காண்கின்றனர். கலைப்பொருள் என்ற நோக்கில் அது இயல்பான வருத்தமே. எனினும், புரவி நிலைத்திருக்க வேண்டும் என்பது அதனைப் படைத்த ஊரின் எதிர்பார்ப்பாக இருந்ததில்லை என்பதை அதன் கட்டுமுறையும் சடங்குமுறையும் ஒருங்கே காட்டுகின்றன. இவ்விரண்டையும் சேர்த்துக் கண்டாலன்றிப் புதிய புரவிக்கான தேவை விளங்காது.

பிடிமண்

புரவி செய்யும் பணி மண் வெட்டுவதில் தொடங்குவதில்லை. மண் கொடுப்பதில் தொடங்குகிறது. ஊர்ப் பெரியோர் கூடி, தெய்வத்தின் உத்தரவு கேட்டு, அவ்வாண்டு புரவி எடுப்பது என முடிவு செய்வர். உத்தரவு சாமியாடியின் வாக்காகவோ பூக்கட்டிப் பார்த்தலாகவோ கிடைக்கும். பின்னர் ஊரார் சார்பில் ஒரு பிடி மண் வேளாரிடம் முறையாகக் கையளிக்கப்படும். இதுவே பிடிமண் கொடுத்தல். முன்பணமும் வெற்றிலை பாக்கும் அதனுடன் சேரும். அந்தப் பிடி மண் புரவிக்கான களிமண்ணுடன் கலக்கப்படுவதால், பின்னர் எழும் உருவம் அந்த ஊரின் மண்ணால் ஆனது என்னும் பொருள் நிலைபெறுகிறது.

பிடிமண் வாங்கிய வேளார் விலைக்குப் பொருள் செய்து தரும் கைவினைஞர் மட்டுமல்லர். இப்பகுதிகளின் அய்யனார் கோயில்கள் பலவற்றில் அவர்களே பூசாரிகள். பூசை உரிமை குடும்பங்களுக்குள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளப்படுகிறது. மதுரைப் பகுதி வேளாரிடையே களப்பணி செய்து 1984இல் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வேட்டை அளித்த ஸ்டீபன் இங்கிலிஸ், உருவத்தை ஆக்குபவரும் அதற்குத் தெய்வத்தன்மை ஏற்றுபவரும் ஒருவராகவே இருப்பதைத் தம் ஆய்வின் மையமாகக் கொண்டார். இந்த இரட்டைப் பணி மிகப் பழைமையானது. நற்றிணையின் 200ஆம் பாடலில் குயவர் நொச்சி மாலை சூடி நெடுந்தெருவில் விழாவை அறிவித்துச் செல்கிறார். 293ஆம் பாடலில் முதிய குயவர் பலியிடுபவராக வருகிறார். புறநானூற்றின் 228, 256ஆம் பாடல்களில் ஈமத்தாழி வனையும் குயவர் விளிக்கப்படுகிறார். சங்கப் பாடல்களில் மண் புரவி இல்லை. ஆனால் ஊர் விழாவிலும் இறப்பிலும் குயவருக்குச் சடங்கு சார்ந்த இடம் இருந்ததற்கு அவை சான்றாகின்றன.

மண்ணும் கலவையும்

கண்மாயின் அடிமண்ணே புரவிக்கு அடிப்படை. பசைமிகுந்த களிமண்ணை மட்டும் கொண்டு பானை வனையலாம். புரவி கட்ட முடியாது. பசை மிகுந்த மண் மிகுதியான நீரைப் பிடித்துவைக்கும். உலரும்போது மிகுதியாகச் சுருங்கி வெடிக்கும். எனவே அதனுடன் மணற்பாங்கான மண்ணும் ஆற்று மணலும் நெல் உமியும் சேர்க்கப்படுகின்றன. சில இடங்களில் உமிக்கு மாற்றாகவோ உமியுடனோ நறுக்கிய வைக்கோல் இடப்படும். மண்ணை ஊறவைத்து, கல்லும் வேரும் நீக்கி, பரப்பி, காலால் மிதித்துப் பதப்படுத்துவர். மிதிக்கும் காலுக்குத்தான் மண்ணில் மறைந்திருக்கும் சிறு கல் முதலில் தெரியும்.

உமி இரு நிலைகளில் பயன்படுகிறது. ஈர நிலையில் அது நார்போல நின்று, விரிசல் தோன்றினால் அது ஓடிப் பரவாமல் தடுக்கிறது. சுடும்போது உமி எரிந்துபோய், அது இருந்த இடமெல்லாம் நுண்துளைகளாகின்றன. சுவரின் உட்புறத்தில் எஞ்சிய ஈரம் ஆவியாகி வெளியேற இத்துளைகள் வழி தருகின்றன. சமையல் பானையின் மெல்லிய சுவருக்கு இவ்வழி அவ்வளவு தேவையில்லை. ஓர் அங்குலத்திற்கும் குறையாத தடிப்புள்ள புரவியின் சுவருக்கு இது இன்றியமையாதது. அதே நுண்துளைகளே பின்னர் மழைநீரையும் உள்ளிழுக்கின்றன. சூளையில் புரவியைக் காப்பாற்றும் பொருளே வெட்டவெளியில் அதன் ஆயுளைக் குறைக்கிறது என்பது கருதத்தக்கது.

மண்ணில் தவிர்க்க வேண்டியவற்றுள் சுண்ணாம்புக் கட்டி முதன்மையானது. சிறு மணி அளவிலான கட்டி கண்ணுக்குத் தப்பிவிட்டால், அது உலர்தலிலும் தெரியாது. சுட்ட அன்றும் தெரியாது. வெப்பத்தில் சுட்ட சுண்ணாம்பாக மாறிய கட்டி, சில நாள்களிலோ சில வாரங்களிலோ காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும். அப்போது மேற்பரப்பில் வட்டமாக ஒரு சில்லு தெறித்து விழும். குழியின் நடுவே வெள்ளைப் புள்ளி இருந்தால் காரணம் அதுவே.

உடலைக் கட்டுதல்

சிறிய புரவியாயினும் பெரியதாயினும் அது உள்ளீடற்றே கட்டப்படுகிறது. முதலில் நான்கு கால்களும் உருளைகளாக ஆக்கப்படுகின்றன. சிறியவற்றுக்குத் திரிகையில் வனைவதும் உண்டு. பெரியவற்றுக்குத் திரித்த மண்ணைச் சுற்றிச் சுற்றி ஏற்றி, உட்புறம் ஒரு கல்லை அணைத்துப் பிடித்து, வெளிப்புறம் மரப்பலகையால் தட்டிச் சுவரை இறுக்குவர். தட்டுதல் வடிவத்திற்காக மட்டும் அன்று; மண்ணடுக்குகளுக்கு இடையே சிக்கிய காற்று வெளியேறி, இரு அடுக்குகள் ஒன்றாவதும் அதனால்தான். உருளைகள் சரியாமலிருக்க அவற்றின்மேல் வைக்கோற்புரி சுற்றப்படுவதும் உண்டு.

நான்கு கால்களும் ஓரளவு இறுகிய பின்னர், அவற்றை இணைத்து வயிற்றின் அடிப்பகுதி அமைக்கப்படுகிறது. இதுவே பணியின் இடர்மிக்க கட்டம். வயிறு உலரும் வரை அதற்குக் கீழே முட்டுக் கொடுக்கப்படும். பெரிய புரவிகளில் இம்முட்டு உருவத்தின் பகுதியாகவே அமைந்துவிடுவதும் உண்டு: வயிற்றைத் தாங்கி நிற்கும் ஏவலர், பூதம் முதலிய உருவங்கள் அழகுக்கு மட்டும் சேர்க்கப்பட்டவை அல்ல, அவை ஐந்தாம் காலாகச் செயற்படுகின்றன. பின்னர் சுவர் நாள்தோறும் சில அங்குலங்களாக உயர்த்தப்படுகிறது. கீழ்ப்பகுதி மேல்பகுதியைத் தாங்குமளவு இறுகியிருக்க வேண்டும். ஆனால் புதிய மண் ஒட்டாத அளவுக்கு உலர்ந்துவிடவும் கூடாது. இதற்காக விளிம்பில் ஈரத்துணி போர்த்தி வைப்பர்.

இக்கட்டத்தின் கணக்கை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். ஈர நிலையில் 150 செ.மீ. உயரமுள்ள ஒரு புரவியைக் கொள்ளலாம். அதன் உடல் 45 செ.மீ. குறுக்களவும் 90 செ.மீ. நீளமும் உடைய உருளை. சுவர்த் தடிப்பு 2.5 செ.மீ. எனில், உடலுக்கு மட்டும் ஏறத்தாழ 60 கிலோ ஈர மண் செல்லும். அதே உடலை உள்ளீடு நிரப்பிச் செய்தால் 270 கிலோவுக்கு மேலாகும். கால்கள் அதனைத் தாங்கா. தாங்கினும் அதன் நடுப்பகுதி உலராது. உள்ளீடற்ற அந்த 60 கிலோவிலும் ஐந்தில் ஒரு பங்கு நீர் எனக் கொண்டால், சூளைக்குச் செல்லும் முன் 12 லிட்டர் நீர் சுவரை விட்டு வெளியேற வேண்டும்.

நீர் வெளியேறும்போது மண் சுருங்குகிறது. நீளவாட்டில் 8 விழுக்காடு சுருக்கம் எனக் கொண்டால், 150 செ.மீ. உயரம் 138 செ.மீ. ஆகிறது. உயரம் குறைவதால் தீங்கில்லை. முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையிலான தொலைவே கவலைக்குரியது. அது 60 செ.மீ. எனில் ஏறத்தாழ 5 செ.மீ. குறைய வேண்டும், அதாவது ஒவ்வொரு காலும் இரண்டரை செ.மீ. உள்நோக்கி நகர வேண்டும். கால் தரையில் ஒட்டிக்கொண்டால் வயிறு சுருங்க, கால் நகராது நிற்க, இரண்டும் சேரும் இடத்தில் விரிசல் விழும். எனவேதான் கட்டத் தொடங்கும் முன்பே கால்களின் அடியில் மணலோ சாம்பலோ பரப்பப்படுகிறது; அதன்மேல் கால்கள் மெல்ல வழுக்கி நகர்கின்றன. மிக எளிய இம்முன்னேற்பாட்டைத் தவிர்த்தால், பல நாள் உழைப்பு ஒரு கோடையின் பிற்பகலில் கெட்டுவிடும்.

கழுத்தும் தலையும் பெரிய உருவங்களில் தனியே செய்யப்பட்டுப் பின்னர் பொருத்தப்படுவதுண்டு. காது, வால் ஆகியவற்றைத் தனித்தனியே சுட்டுச் செருகும் வழக்கமும் உள்ளது. வாய், வால் செருகும் இடம், வயிற்றின் அடி ஆகியவற்றில் துளை விடப்படுகிறது. ஆவி வெளியேற இவை வழியாகின்றன. அடுத்து அணிகள்: கழுத்து மணிகள், சலங்கை, மார்புப் பட்டை, சேணம், கடிவாளம். மண்ணை உருட்டியும் பட்டையாகத் தட்டியும் ஒட்டி, குச்சி முனையால் கோடும் புள்ளியும் இடுவர். அணியை ஒட்டும் இடத்தில் முதலில் கீறி, குழம்பு மண் பூச வேண்டும். ஈரமான அணியை உலர்ந்த உடலில் அப்படியே ஒட்டினால் சூளையில் அது உதிர்ந்துவிடும். பிதுங்கிய கண்களும் வெளித்தெரியும் பற்களும் இப்புரவிகளின் பொது அடையாளம். இரவில் ஊரெல்லையைச் சுற்றிவரும் தெய்வத்தின் போர்க்குதிரை அமைதியாக இருக்க இயலாது என்பதே இதற்குச் சொல்லப்படும் விளக்கம்.

சூளை

சிறிய, நடுத்தரப் புரவிகள் குயவரின் முற்றத்தில் ஒரே சூளையில் சேர்த்துச் சுடப்படுகின்றன. தூக்கிச் செல்ல இயலாத பேருருவம் எனில், அது நிற்கும் இடத்திலேயே அதனைச் சுற்றிச் சூளை எழுப்பப்படும். விறகும் வறட்டியும் அடுக்கி, வைக்கோல் போர்த்தி, மேலே சேறு பூசி, புகை செல்லச் சில வழிகள் விடுவர். கட்டிய நெருப்பறை ஏதும் இல்லை. போர்வையே சூளையின் சுவர்.

தொடக்கத்தில் நெருப்பு எரியக் கூடாது, புகைய வேண்டும். வெயிலில் உலர்ந்ததாகத் தோன்றும் சுவரின் நடுவிலும் ஈரம் எஞ்சியிருக்கும். வெப்பம் விரைந்து 100 பாகையைக் கடந்தால் அந்நீர் ஒரே நேரத்தில் ஆவியாகிச் சுவரை உள்ளிருந்து வெடிக்கச் செய்யும். அந்த ஓசை கேட்ட பின்னர் செய்வதற்கு ஏதுமில்லை. புகைவழியில் காட்டும் கைக்கு ஈரம் படாத வரை காத்திருந்து, அதன் பின்னரே நெருப்பை வளர்ப்பர். ஏறத்தாழ 600 பாகையளவில் களிமண்ணின் கட்டமைப்பிலேயே பிணைந்திருந்த நீரும் நீங்கிவிடுகிறது. அந்த எல்லையைக் கடந்த மண் மீண்டும் நீரில் கரையாது. அதைக் கடவாத பகுதி பார்வைக்குச் சுட்டதுபோல் தோன்றினாலும் முதல் மழைக்காலத்தில் சேறாகும்.

பெரிய புரவிகளில் இது அடிக்கடி நிகழும் குறை. திறந்த சூளையின் வெப்பம் எல்லா இடத்திலும் ஒரே அளவாக அமைவதில்லை. காற்று வீசும் பக்கம் மிகுதியாகவும் மறுபக்கம் குறைவாகவும் சுடப்படும். சூளை ஆறிய பின் குயவர் விரல் முட்டியால் ஒவ்வொரு பகுதியையும் தட்டிப் பார்ப்பது இதனால்தான். கணீரென்ற ஓசை நன்கு சுட்டதைக் காட்டும். மந்தமான ஓசை, கண்ணுக்குத் தெரியாத விரிசலையோ வேகாத மண்ணையோ குறிக்கும். உடைந்த பழைய புரவியின் துண்டுகளில் இதனை வேறு வகையாகக் காணலாம். விளிம்புகள் சிவந்து நடுப்பகுதி கருமையாக இருப்பின், உமியின் கரி முழுதும் எரியுமளவு காற்றும் நேரமும் கிடைக்கவில்லை எனக் கொள்ளலாம். இளங்குடிப்பட்டி போன்ற இடங்களில் புரவிகளின் உடைந்த விளிம்புகளைப் பார்ப்பவருக்கு, சுடப்பட்ட நாளின் நெருப்பைப் பற்றிய குறிப்பு அவற்றிலேயே கிடைக்கிறது.

கண் திறப்பும் எடுப்பும்

சுட்ட புரவிக்குச் சுண்ணாம்பு பூசி வண்ணம் தீட்டப்படுகிறது. கண் மட்டும் எழுதப்படாமல் விடப்படும். அதுவரை அவ்வுருவம் குயவரின் கைவேலை. அதன் உடைவு அவருக்கு நேரும் இழப்பு. விழா நாளில் பூசை செய்து வேளார் கண் திறக்கும்போது அது தெய்வத்தின் ஊர்தியாகிறது. சடங்கின் விவரம் ஊருக்கு ஊர் மாறுபடினும், கண் திறப்பதற்கு முன்னும் பின்னும் உருவத்தின் நிலை வேறு என்பதில் மாறுபாடு இல்லை.

கண் திறந்த புரவிகளுக்குப் புதுத்துணி சார்த்தி, மாலையிட்டு, மரச்சட்டத்தில் கட்டி, தோளில் சுமந்து ஊர்வலமாகக் கோயிலுக்குக் கொண்டுசெல்வதே புரவியெடுப்பு. ஊர்ப் பொதுப் புரவி முன்னே செல்லும். தனியார் நேர்த்திக்கடன் புரவிகள் பின்தொடரும். சிவகங்கைப் பகுதியில் அரண்மனைப் புரவி என்னும் பெயரில் பழைய சீமையின் சார்பாக ஒரு புரவி முன்செல்லும் வழக்கம் சில கோயில்களில் உள்ளது. சிங்கம்புணரி சேவுகப்பெருமாள் அய்யனார் கோயில் இவ்விழாவிற்குப் பெயர்பெற்றது. புரவியுடன் மதலை எனப்படும் குழந்தையுருவம், காளை, நாய், பாம்பு, கை, கால் ஆகிய சுடுமண் உருவங்களும் எடுக்கப்படுகின்றன. மகப்பேறு வேண்டியோர் மதலையும், கால்நடை நோய் நீங்கியோர் காளையும், உறுப்பு நலம் பெற்றோர் அவ்வுறுப்பின் உருவும் செலுத்துவர்.

இவ்வரிசையில் யாருடைய புரவி எவ்விடத்தில் செல்கிறது என்பது சிறிய செய்தி அன்று. ஊரின் கரைகளுக்கும் குடும்பங்களுக்கும் உரிய மரியாதை அங்கே எல்லோரும் காண ஒழுங்குபடுத்தப்படுகிறது. முதல் மரியாதை குறித்த பூசலால் புரவியெடுப்பு ஆண்டுக்கணக்கில் நின்றுபோன ஊர்கள் உண்டு. அவ்வாண்டுகளில் கோயிலில் பழைய புரவிகள் நின்றுகொண்டுதான் இருந்தன. புரவி இல்லை என்பது அவ்வூரின் குறையாக இருக்கவில்லை. எடுக்க இயலவில்லை என்பதே குறை.

நின்ற புரவி

புதிய புரவி ஏன் என்னும் வினாவுக்கு விடை இங்கே உள்ளது. வேண்டுதல் நிறைவேறியதற்கான கைம்மாறே புதிய புரவி என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். அது தவறன்று, ஆனால் போதாது. தனியாரின் நேர்த்திக்கடனுக்கு அது பொருந்தும்: ஒருவர் செலுத்திய புரவியைக் கொண்டு மற்றொருவர் தம் கடனைத் தீர்க்க இயலாது. ஆனால் ஊர்ப் பொதுப் புரவி எந்தத் தனி வேண்டுதலுக்கும் உரியதன்று. மழைக்காகவும் ஊர் நலத்திற்காகவும் அது எடுக்கப்படுகிறது. அந்நலம் ஒருமுறை பெற்று முடிந்துவிடுவதன்று. பிடிமண் கொடுத்தல், கட்டுதல், கண் திறத்தல், சுமத்தல் ஆகியவை மீண்டும் நிகழ்வதன் வழியே அது ஒவ்வொரு முறையும் உறுதிசெய்யப்படுகிறது. படைக்கப்படுவது புரவி என்னும் பொருள் மட்டுமன்று. எடுப்பு என்னும் செயலே படையலின் உள்ளடக்கம். கோயிலில் நிறுத்தப்பட்டதும் புரவியின் பணி முடிந்துவிடுகிறது. அதனைப் பாதுகாக்கும் கடமை யாருக்கும் இல்லை. அகற்றுவதற்கான உரிமையும் யாருக்கும் இல்லை.

ஆக்குதலும் உடைதலும் குயவர் மரபில் ஒன்றையொன்று சார்ந்தவை என இங்கிலிஸ் பின்னர் எழுதிய கட்டுரையில் எடுத்துக்காட்டியுள்ளார். கல்லும் உலோகமும் நிலைபேற்றால் மதிப்புப் பெறுகின்றன. மண் மீண்டும் ஆக்கப்படுவதால் மதிப்புப் பெறுகிறது. இக்கருத்தைப் புரவியின் கட்டுமுறையோடு இணைத்தால் மேலும் ஒன்று புலனாகிறது. உமி கலந்த சுவர், திறந்த சூளையின் சீரற்ற வெப்பம், செருகிய காது, கூரையற்ற நிலை ஆகிய அனைத்தும் புரவியின் சிதைவை உறுதிசெய்கின்றன. இன்னும் உறுதியாகச் செய்யும் தொழில்திறன் குயவரிடம் இல்லை என இதற்குப் பொருளில்லை. தாழியும் குதிரும் உறைகிணற்று வளையமும் செய்த மரபு அது. பல்லாண்டு நிற்கும் புரவி அவர்களிடம் கேட்கப்படவில்லை என்பதே பொருத்தமான விளக்கம்.

சுதையும் சிமென்டும்

உருவம் நிலையானதாக மாறும்போது என்ன நிகழ்கிறது என்பதை இருவேறு இடங்களில் காணலாம். புதுக்கோட்டை மாவட்டம் குளமங்கலத்தில் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலின் முன் 33 அடி உயரக் குதிரைச் சிலை நிற்கிறது. இது சுடுமண்ணால் ஆனதன்று. கட்டி எழுப்பிப் பூசப்பட்டது. இதனை ஆண்டுதோறும் புதிதாகச் செய்ய இயலாது. செய்ய வேண்டியதும் இல்லை. ஆனால் மாசி மக விழாவில் அக்குதிரையின் உயரத்திற்கே காகிதப் பூமாலைகள் செய்து அடியார்கள் சார்த்துகின்றனர். மாலைகள் மிகுதியாகி ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிகின்றன. குதிரை நிலைபெற்றுவிட்டதால், புதுப்பிக்கப்பட வேண்டிய படையல் குதிரையிலிருந்து மாலைக்கு இடம்பெயர்ந்துள்ளது. அழியும் பொருள் ஒன்று தேவைப்பட்டது. களிமண்ணின் இடத்தைக் காகிதம் ஏற்றது.

செய்யாற்றுப் படுகையின் பச்சையம்மன் கோயில்களில் இந்த இடப்பெயர்ச்சி வேறு வடிவம் கொள்கிறது. அங்கு முனிகளின் சுதையுருவங்கள் தலைமுறைகளைக் கடந்து நிற்கின்றன. திருப்பணியின்போது பூச்சு செப்பனிடப்பட்டு வண்ணம் புதுப்பிக்கப்படுகிறது. புதுப்பித்தல் அங்கும் உண்டு. எனினும் அதன் கால இடைவெளி பெரிது. பணியாளர் சுதைச் சிற்பியும் வண்ணம் பூசுவோரும் ஆவர். கலசப்பாக்கம், ஆரணிப் பகுதியின் குயவர் மண்பாண்டத்திற்கும் விழாக்கால அகலுக்கும் நாடப்படலாம்; ஆனால் தெய்வத்தின் ஊர்தியை ஆண்டுதோறும் ஆக்கித் தரும் உரிமை இவ்வமைப்பில் அவருக்கு அமைய வழியில்லை. தென்பகுதியின் வேளார் பூசாரியாக நிலைபெற்றிருப்பதற்கும், அவர் செய்யும் உருவம் விரைவில் அழிவதற்கும் உள்ள தொடர்பை இவ்வேறுபாடு தெளிவாக்குகிறது. அழியாத உருவத்தைக் கொடுத்த குயவரை ஊர் மறுமுறை நாட வேண்டியதில்லை.

இதனால்தான் தென்பகுதிக் கோயில்கள் சிலவற்றில் சிமென்டுப் புரவிகள் நிறுத்தப்படுவதை வெறும் பொருள் மாற்றமாகக் கருத இயலாது. செலவு செய்வோர் நோக்கில் அது நியாயமான தேர்வே: ஒருமுறை செய்தால் போதும், உடையாது, கொடையாளர் பெயரை அடியில் பொறிக்கலாம். மண் புரவியில் பெயர் பொறிப்பதில் பொருளில்லை. சில ஆண்டுகளில் பெயரும் உடைந்துவிடும். ஆனால் சிமென்டுப் புரவிக்குப் பிடிமண் தேவையில்லை. அதனைத் தோளில் சுமக்கவும் முடியாது. ஊர் கூடி முடிவெடுத்து ஒரே வரிசையில் நடக்க வேண்டிய தேவை அதனால் எழுவதில்லை. விழா நீடிக்கும் ஊர்களில் கோயிலின் முன் சிமென்டுக் குதிரை நின்றாலும், எடுப்புக்கெனச் சிறிய மண் புரவிகள் தனியே செய்யப்படுவது இதனை உறுதிப்படுத்துகிறது.

மண் கிடைக்கும் காலம்

இம்மரபின் தொடர்ச்சி இன்று பக்தியைவிடக் கண்மாய் மண்ணையே மிகுதியும் சார்ந்துள்ளது. நீர்நிலைகளில் மண் எடுப்பது கனிம விதிகளுக்கு உட்பட்டது; நெடுங்காலம் சிறு குயவருக்கு அதற்கான அனுமதி எளிதில் கிடைக்கவில்லை. 2024இல் தமிழக அரசு, ஏரி குளங்களின் வண்டலையும் களிமண்ணையும் வேளாண் பயன்பாட்டிற்கும் மண்பாண்டத் தொழிலுக்கும் வட்டாட்சியர் அனுமதியுடன் கட்டணமின்றி எடுக்க வழிசெய்தது. இதனால் அனுமதி பெறும் வழி குறுகியது. ஆனால் புரவிக்குரிய மண் மேற்பரப்பு வண்டல் அன்று. அதற்குக் கீழுள்ள பசைமிக்க அடுக்கு. மண்வெட்டியால் எடுத்தபோது அடுக்கு அடுக்காகப் பிரித்தெடுக்க முடிந்தது. பொக்லைன் இயந்திரம் வண்டலையும் அடிமண்ணையும் சுண்ணாம்புக் கட்டிகளையும் ஒரே வாரியில் அள்ளிக் கலந்துவிடுகிறது. அதனைப் பிரித்துச் சலிக்கும் உழைப்பு குயவரின் முற்றத்தில் கூடுகிறது.

காலமும் ஒரு வரம்பாகிறது. கண்மாய் வற்றும் பங்குனி முதல் வைகாசி வரையிலான மாதங்களில்தான் அடிமண்ணை எடுக்க முடியும்; கனத்த சுவர் உலர்வதற்கான வெயிலும் அப்போதுதான் கிடைக்கும். கோடைமழை முந்தி வந்து கண்மாயில் நீர் நின்றால், ஊரார் பிடிமண் கொடுத்திருந்தாலும் வேளார் முந்தைய ஆண்டில் சேர்த்துவைத்த மண்ணையே நம்ப வேண்டும். சேமிப்பு இல்லாத வீட்டில் புரவிகளின் உயரம் குறையும். அல்லது எடுப்பு அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகும்.